ஒரு தடவை ஊமையாக, ஒரு தடவை இருட்டில்

‘திருவிளையாடல்’ படத்தில் நாகேஷ் தருமியாக வந்து ஆயிரம் பொற்காசுக்காகப் புலம்புவாரே, அந்தக் காட்சியைப் பார்த்தவர்களைவிடக் கேட்டவர்கள்தான் அதிகம் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். படம் வந்தது 1965இல். அதற்குப் பிறகு வானொலி ஒலிச்சித்திரமாகவும் கேசட்டாகவும் திருவிழாக் குழாய் ஸ்பீக்கர் வழியாகவும் அந்த வசனம் ஊர் ஊராகப் போனது. படத்தையே பார்க்காத பிள்ளைகள் வரிசை மாறாமல் ஒப்பித்தார்கள். 1984இல் வந்த ‘விதி’ படத்தின் கோர்ட் காட்சிக்கும் அதே யோகம்தான். கல்யாண வீடுகளில் பாட்டுக்குப் பதிலாக அந்த வசனம் ஓடியது.

படம் இல்லாமல் அந்தக் காட்சி எப்படி நிற்கிறது? யார் பேசுகிறார், என்ன வேண்டும் அவருக்கு, எந்த இடத்தில் ஆசை முடிந்து பயம் தொடங்குகிறது என்பதெல்லாம் குரலிலேயே இருக்கிறது. ஏ.பி. நாகராஜன் நாடக மேடையிலிருந்து வந்தவர். கடைசி வரிசைக்காரனுக்கு முகம் தெரியாது, காது மட்டும்தான் உண்டு என்பது அவருக்குத் தெரியும். இதற்கு நேர் எதிரான படமும் நம்மிடம் இருக்கிறது. 1987இல் சிங்கீதம் சீனிவாச ராவ் இயக்கி, கமல்ஹாசன் நடித்த ‘பேசும் படம்’. அதில் ஒரு வசனமும் கிடையாது. கதை முழுவதும் கண் வழியாகவே போய்ச் சேருகிறது.

எடுக்கப்படும் படங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பவை. படமும் ஒலியும் இரட்டை மாடு பூட்டிய வண்டிபோல ஒன்றாக இழுக்கின்றன. வண்டி ஓடுகிறவரைக்கும் ஒரு மாடு நொண்டுவது தெரியாது. மற்றொன்று அதன் பாரத்தையும் சேர்த்து இழுத்துவிடும். எது நொண்டுகிறது என்று பார்க்க ஒன்றை அவிழ்த்துவிட்டுத்தான் ஓட்டிப் பார்க்க வேண்டும். எடிட்டிங் அறைகளில் வெகுகாலமாக இருக்கும் வழக்கம் இது: ரஃப் கட் தயாரானதும் ஒரு தடவை சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பது, ஒரு தடவை படத்தை அணைத்துவிட்டுக் கேட்பது. ரஃப் கட் என்பது காட்சிகளைக் கதை வரிசையில் முதன்முதலாக அடுக்கிவைத்த நிலை. கலர் சரிசெய்திருக்க மாட்டார்கள், ஒலிக்கலவை நடந்திருக்காது, இசை பெரும்பாலும் தற்காலிகமாகப் போட்டதாக இருக்கும். பிழை திருத்தச் செலவு குறைவான கட்டம் அதுதான்.

இந்த வழக்கத்துக்கு ஒரு பெயர் வைத்து, பாடமாக எழுதியவர் பிரெஞ்சுக்காரரான மிஷேல் சியோன். இசையமைப்பாளர், திரைப்பட ஆய்வாளர். 1990இல் வெளிவந்த தன் நூலில் அவர் இதை மறைப்பு முறை என்கிறார். ஒரே காட்சியைப் பல தடவை ஓட்ட வேண்டும். சில தடவை இரண்டும் சேர்த்து, சில தடவை படத்தை மறைத்து, சில தடவை ஒலியை நிறுத்தி. அவர் இதைச் சொன்னது படத்தை ஆராய்கிறவர்களுக்காக. எடிட்டர்களுக்கு அது பழுது பார்க்கும் கருவியாகிவிட்டது. ‘தி இங்கிலீஷ் பேஷண்ட்’ படத்துக்காகப் படத்தொகுப்பு, ஒலி இரண்டிலும் ஆஸ்கர் வாங்கிய வால்டர் மர்ச், ஒரு காட்சியை முதன்முதலாகக் கோக்கும்போது ஒலியை நிறுத்திவிட்டே கோப்பதாகச் சொல்லியிருக்கிறார். ஒலிக்கலைஞரே ஒலியை நிறுத்துகிறார் என்பது கவனிக்க வேண்டிய விஷயம்.

வண்டியூர் தெப்பத்தை வைத்து இரண்டு கல்லூரி மாணவர்கள் எடுத்த ஆவணப்படம் ஒன்று ரஃப் கட்டாக என் மேசைக்கு வந்தது. நீளம் பதினான்கு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். தைப்பூசத்தன்று வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் நடக்கும் தெப்பத் திருவிழா: மீனாட்சியும் சுந்தரேசுவரரும் கோயிலிலிருந்து கிளம்பி வருவது, அலங்கரித்த தெப்பத்தில் ஏறுவது, கரையில் நிற்பவர்கள் வடம் பிடித்து இழுக்கத் தெப்பம் மைய மண்டபத்தைச் சுற்றுவது, இரவில் விளக்கொளியில் மறுபடி சுற்றுவது. நல்ல பொருள். கேமரா இரண்டு, ஆர்வம் நிறைய. இரண்டையும் சேர்த்து ஒரு தடவை பார்த்தபோது எனக்கும் குறையாகப் பெரிதாக ஒன்றும் படவில்லை. நாதஸ்வரம் ஓடுகிறது, தவில் அடிக்கிறது, பின்னணிக் குரல் விவரம் சொல்கிறது, கூட்டம் கையெடுத்துக் கும்பிடுகிறது. கொஞ்சம் நீளம் என்று மட்டும் தோன்றியது.

முதலில் சத்தம் இல்லாமல் ஓட்டினோம். இதில் ஒரு ஒழுங்கு வேண்டும். எடிட்டிங் மென்பொருளின் டைம்லைனில் வைத்துப் பார்க்கக் கூடாது. ஒலியின் அலைவடிவம் அங்கே கண்ணில் படும், கையும் சும்மா இருக்காது. படத்தைத் தனிக் கோப்பாக எடுத்து, மூலையில் நேரம் ஓடும்படி பதித்து, நடுவில் நிறுத்தாமல் கடைசிவரை பார்க்க வேண்டும். கையில் ஒரு தாள். தோன்றுகிற இடத்தில் நேரத்தையும் ஒரே ஒரு சொல்லையும் எழுதினால் போதும்: ‘யார்?’, ‘எங்கே?’, ‘அலுப்பு’. காரணத்தைப் பிறகு தேடிக்கொள்ளலாம்.

முதல் இரண்டு நிமிடத்திலேயே மூன்று பேர் தாளிலும் ‘அலுப்பு’ விழுந்துவிட்டது. பின்னணிக் குரல் அந்த இடத்தில் திருமலை நாயக்கர் 1645இல் குளம் வெட்டிய கதையைச் சொல்கிறது, ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய ஆயிரம் அடி என்கிறது, வைகைத் தண்ணீர் வரும் வழியைச் சொல்கிறது. காதில் சேதி வந்துகொண்டே இருந்ததால் கண் கேள்வி கேட்கவில்லை. சத்தத்தை எடுத்ததும் மிஞ்சியது: மேலிருந்து மண்டபம், பக்கத்திலிருந்து மண்டபம், படிக்கட்டு, மறுபடி மேலிருந்து மண்டபம்.

“அண்ணே, இம்புட்டு நேரமா மண்டபத்தையேவா காட்டிக்கிட்டு இருந்தோம்?” என்றான் ஒருவன்.

“மண்டபத்தைக் காட்டலைடா தம்பி. பேச்சை மூடி மறைக்கிறதுக்கு மண்டபத்தை விரிச்சு வச்சிருக்கீங்க.”

தொலைக்காட்சியைப் படம் போட்ட வானொலி என்று சியோன் சொல்வது இதைத்தான். குரல் கதை சொல்கிறது, படம் பக்கத்தில் சும்மா நிற்கிறது. இது எங்கெல்லாம் நடக்கிறது என்று ஒலியோடு பார்த்துக் கண்டுபிடிப்பது கஷ்டம். ஏனென்றால் சொல்லப்படுவதை நம் மனம் படத்தின் மேல் பூசிவிடுகிறது. ‘ஆயிரம் அடி’ என்று காதில் விழுந்ததும் குளம் பெரிதாகத் தெரிகிறது. படத்தில் அந்த அகலம் வந்திருக்கிறதா என்று பார்க்க நமக்குத் தோன்றுவதே இல்லை.

அடுத்த பிழை இதைவிட வேடிக்கையானது. வடம் இழுக்கும் காட்சியில், ஏறக்குறைய நான்காவது நிமிடத்தில், தெப்பம் முன்னும் பின்னும் ஊசலாடியது. ஒரு ஷாட்டில் வலமிருந்து இடம் போகிறது, அடுத்ததில் இடமிருந்து வலம், மறுபடி வலமிருந்து இடம். ஒலியோடு பார்த்தபோது எங்களில் ஒருவர் கண்ணிலும் இது படவில்லை. படம் பிடித்தவனே, “போகுதா வருதா?” என்று தாளில் எழுதியிருந்தான்.

காரணம் குளத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. தெப்பம் மைய மண்டபத்தை வலமாகச் சுற்றுகிறது. தெற்குக் கரையில் நிற்கிறீர்கள் என்று வையுங்கள்; உங்கள் பக்கமாக வரும் தெப்பம் கிழக்கிலிருந்து மேற்கே போகும், அதாவது உங்கள் வலக்கையிலிருந்து இடக்கைக்கு. அதே தெப்பம் மண்டபத்துக்கு அப்பால் வடகரை ஓரமாகப் போகும்போது மேற்கிலிருந்து கிழக்கே போகும். உங்களுக்கு இடமிருந்து வலம். எந்தக் கரையில் நின்றாலும் கணக்கு ஒன்றுதான்: கிட்டத்தில் வலமிருந்து இடம், தூரத்தில் இடமிருந்து வலம். நேரில் நிற்பவருக்குக் குழப்பம் வராது, ஏனென்றால் தூரத்தில் போவது சின்னதாகத் தெரியும். ஆனால் இவர்கள் அக்கரைத் தெப்பத்தை ஜூம் செய்து பக்கத்தில் கொண்டுவந்துவிட்டார்கள். தூரம் காணாமல் போனது. திசை மட்டும் தலைகீழாக நின்றது. அந்த ஷாட்களைக் கிட்டத்து ஷாட்களோடு மாற்றி மாற்றி வெட்டியதும் தெப்பம் ஊஞ்சலாகிவிட்டது.

இவ்வளவு பெரிய பிழையை ஒலி எப்படி மறைத்தது? அடியில் ஒரே நாதஸ்வர வாசிப்பு அறுபடாமல் ஓடியது. ஒவ்வொரு வெட்டும் தவில் அடியில் சரியாக விழுந்தது. ஒலி தொடர்ச்சியாக இருந்ததால் தெப்பமும் தொடர்ந்து போவதாக மூளை எடுத்துக்கொண்டது.

இதை ஆய்வுக்கூடத்தில் காட்டியிருக்கிறார்கள். 1997இல் ‘நேச்சர்’ இதழில் செக்யூலர், செக்யூலர், லாவ் என்ற மூவர் எழுதிய ஒரு சின்னக் கட்டுரை. திரையில் இரண்டு வட்டுகள் எதிரெதிராக வருகின்றன, நடுவில் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன, பிறகு பிரிந்து போகின்றன. சத்தம் இல்லாமல் பார்த்தால் பெரும்பாலும் இரண்டும் ஒன்றையொன்று ஊடுருவிக் கடந்து போவதாகத் தெரியும். அவை சந்திக்கும் கணத்தில் ஒரு ‘டிக்’ ஒலியைச் சேர்த்தால், மோதித் திரும்பிப் போவதாகப் பல மடங்கு அதிகமாகத் தெரிகிறது. திரையில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. காதில் விழுந்த ஒரு சின்னத் தட்டு, கண் பார்த்த சம்பவத்தையே மாற்றிவிட்டது. வெட்டு விழும் இடத்தில் தவில் அடியை வைப்பதும் இந்த ‘டிக்’ வேலைதான். அது நல்ல வெட்டை அழகாக்கும். கெட்ட வெட்டையும் அழகாக்கிவிடும் என்பதுதான் வில்லங்கம்.

திருத்தம் எளிது. அக்கரை ஷாட்களை ஒன்றாகச் சேர்த்து, அதற்கும் கிட்டத்து ஷாட்களுக்கும் நடுவில் திசை இல்லாத ஷாட்களை வைத்தோம்: கேமராவை நோக்கி நேராக வரும் தெப்பம், வடத்தைப் பிடித்த கைகள், அண்ணாந்து பார்க்கும் முகங்கள். மூன்று விநாடி அப்படி ஒன்று வந்துவிட்டால் கண் பழைய திசையை விட்டுவிடும்.

ஊமையாகப் பார்த்ததில் குறை மட்டும் வந்தது என்றில்லை. ஒன்பதாவது நிமிடத்தில் ஒரு பாட்டி. தோளில் பேத்தியை வைத்துக்கொள்ளத் தெம்பில்லை. படியில் இன்னொரு படி ஏறி நிற்கவைத்து, பின்னாலிருந்து இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, தெப்பம் வரும் திசையில் பிள்ளையின் தலையை மெதுவாகத் திருப்புகிறார். ஒலியோடு பார்த்தபோது அந்த இடத்தில் பின்னணிக் குரல், ‘முதியோர் முதல் குழந்தைகள் வரை’ என்று ஆரம்பித்து ஒரு நீளமான வாக்கியம் பேசியது. ஊமையாக ஓடியபோதுதான் பாட்டியையே நாங்கள் பார்த்தோம். வாக்கியத்தைத் தூக்கினோம்.

அடுத்தது இருட்டில் கேட்பது. ஒலியை மட்டும் தனிக் கோப்பாக எடுத்து போனில் போட்டுக்கொண்டு, இயர்போன் மாட்டித் தெப்பக்குளக் கரையையே சுற்றிவரச் சொன்னேன். அறையில் உட்கார்ந்து கேட்டால் கண் சும்மா இருக்காமல் படத்தை நினைவிலிருந்து ஓட்டும். நடந்தால் அது கொஞ்சம் மட்டுப்படும். வரிசையும் முக்கியம்: ஊமைப் பார்வைதான் முதலில். பின்னணிக் குரலை ஒருமுறை கவனமாகக் கேட்டுவிட்டால், பிறகு சத்தத்தை அணைத்தாலும் அது தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். எழுதியவனுக்கு எப்போதும் ஓடும். அதனால்தான் படத்தோடு சம்பந்தமே இல்லாத ஒருவரையும் பக்கத்தில் உட்காரவைக்க வேண்டும்.

காதால் மட்டும் கேட்டபோது முதலில் பிடிபட்டது வெட்டுகள். படத்தோடு பார்க்கையில் வழுவழுப்பாக இருந்த காட்சி, படம் இல்லாமல் கத்தரித்த துணிகளை வரிசையாகப் போட்டதுபோலக் கேட்டது. ஒரு ஷாட்டில் ஜெனரேட்டர் உறுமுகிறது. அடுத்ததில் சட்டென்று நின்றுவிடுகிறது. அதற்கடுத்ததில் காணாமல் போன குழந்தையைப் பற்றிய மைக் அறிவிப்பு பாதியில் தொடங்கி பாதியில் முடிகிறது. ஷாட் மாறுவதைக் கண் பார்க்கும்போது, ஒலி மாறுவதும் நியாயம் என்று மூளை விட்டுக்கொடுத்துவிடுகிறது. கண் இல்லாதபோது விட்டுக்கொடுக்க ஒரு காரணமும் இல்லை. ஒவ்வொரு ஒட்டும் உறுத்துகிறது. இதற்கு மருந்து, கரையின் பொதுச் சத்தத்தை ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் ஒரே ஓட்டமாகப் பதிவுசெய்து, காட்சி முழுவதுக்கும் அடியில் விரித்து, மேலே உள்ள துண்டுகளின் ஓரங்களைச் சில ஃபிரேம்களுக்கு மங்கவைத்துக் கலப்பது. படப்பிடிப்பில் கேமராவை நிறுத்திவிட்டு மைக்கை மட்டும் ஓடவிடச் சொல்வது இதற்காகத்தான். அன்று இவர்கள் அதைச் செய்திருக்கவில்லை. கேமரா தவறுதலாக ஓடிக்கொண்டிருந்த ஒரு துண்டிலிருந்து எடுத்துக்கொண்டோம்.

இரண்டாவது, பூ விற்கும் அம்மாவின் பேட்டி. திருவிழாச் சத்தத்துக்கு நடுவில் எடுத்தது. படத்தோடு பார்க்கையில் ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. காதால் மட்டும் கேட்டபோது மூன்று வாக்கியத்தில் ஒன்று கரைந்து போயிருந்தது. வினைச்சொல் வரும் கடைசிப் பகுதி ஒவ்வொன்றும் தவிலில் அமுங்கியது. தமிழில் வாக்கியத்தின் முடிவு அமுங்கினால் ‘வந்தது’ என்கிறாரா ‘வரவில்லை’ என்கிறாரா என்பதே தெரியாது. இரைச்சலில் பேசுபவரின் முகத்தைப் பார்த்தால் பேச்சு எவ்வளவு கூடுதலாகப் புரிகிறது என்று சம்பி, பொல்லாக் இருவரும் 1954இலேயே அளந்து எழுதியிருக்கிறார்கள். இரைச்சல் கூடக்கூட உதட்டின் உதவியும் கூடுகிறது. நாம் காதால் கேட்டதாக நினைப்பதில் ஒரு பங்கு கண்ணால் படித்தது. பேட்டியின் பாதிக்கு மேல் வேறு காட்சி போட்டு முகத்தை மறைக்கப் போகிறோம் என்றால், அந்த உதவியும் போய்விடும். அப்படி மறைத்த இடங்களில்தான் அந்த அம்மா சொல்வது யாருக்கும் புரியாமல் போனது. முகம் தெரியும் பகுதியை நீட்டி, மீதியில் இரண்டு வாக்கியத்தை விட்டுவிட வேண்டியிருந்தது.

மூன்றாவது கண்டுபிடிப்பு கொஞ்சம் வருத்தமானது. தெப்பம் முதன்முதலாக நகரும் கணம் காதில் இல்லை. நாதஸ்வரம் அதற்கு முன்பும் அதே அளவு, பின்பும் அதே அளவு. படத்தில் வடம் விறைத்துத் தண்ணீரிலிருந்து மேலெழுவது தெரிகிறது. காதில் ஒன்றும் நடக்கவில்லை. தைப்பூசம் வருஷத்துக்கு ஒருமுறை. திரும்பப் போய் எடுக்க முடியாது. கழித்துப் போட்ட துண்டுகளையெல்லாம் படத்தை மூடிவைத்துக் கேட்டபோது ஒன்று சிக்கியது. இடம் மாறி ஓடும்போது கேமரா தரையைப் பார்த்துத் தொங்கிக்கொண்டிருந்த துண்டு. படமாக அது குப்பை: செருப்புக் கால்கள், படிக்கட்டு, இருட்டு. ஆனால் பக்கத்தில் வடம் பிடித்தவர்களின் மூச்சு, ஒருவர் இழுக்கச் சொல்லிக் குரல் கொடுப்பது, கூட்டத்தின் சத்தம் ஒரு கணம் அடங்கி மறுபடி எழும்புவது எல்லாம் அதில் இருந்தது. அதை எடுத்துத் தெப்பம் நகரும் ஷாட்டுக்கு அடியில் வைத்து, அதற்கு முன் நாதஸ்வரத்தைக் கொஞ்சம் இறக்கினோம். கண்ணால் பார்த்துக் கழித்ததைக் காதால் ஒருமுறை கேட்காமல் அழிக்கக் கூடாது என்பது பழைய எடிட்டர்கள் சொல்வது. ஃபிலிம் காலத்தில் படமும் ஒலியும் தனித்தனிச் சுருள்களாகவே மேசையில் கிடந்தன. ஒன்றை மட்டும் ஓட்டிப் பார்ப்பதற்குத் தனி முயற்சி தேவைப்படவில்லை. இன்றைக்கு இரண்டும் ஒரே கோப்பில் ஒட்டி வருவதால், படம் மோசம் என்று அழித்தால் ஒலியும் சேர்ந்தே போய்விடுகிறது.

கண்ணும் காதும் சேர்ந்து இருக்கும்போது நாம் எதை வைத்துத் தீர்ப்புச் சொல்கிறோம் என்பது நமக்கே தெரியாது என்பதற்கு ஒரு நல்ல சோதனை உண்டு. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் இருந்த சியா-ஜுங் சாய், பியானோவும் வாசிப்பவர், 2013இல் அதை வெளியிட்டார். பெரிய இசைப் போட்டிகளின் இறுதிச் சுற்றுக்கு வந்த மூவரின் சில விநாடித் துண்டுகளைக் கொடுத்து, யார் ஜெயித்திருப்பார் என்று சொல்லச் சொன்னார். குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒன்று சரியாக வரும். ஒலியை மட்டும் கேட்டவர்கள் அந்த அளவைத் தாண்டவில்லை. ஒலியில்லாமல் படத்தை மட்டும் பார்த்தவர்கள் ஏறக்குறைய பாதி தடவை சரியாகச் சொன்னார்கள். இசைக் கலைஞர்களும் இதற்கு விலக்கல்ல. இவர்களில் பெரும்பாலானோர் முன்கூட்டிக் கேட்டபோது, இசையில் ஒலிதான் முக்கியம் என்று சொன்னவர்கள். நம் படத்தின் ஒலி நன்றாக இருக்கிறது என்று இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டு யாராவது சொன்னால், அந்தச் சான்றிதழை நான் வாங்கிக்கொள்வதில்லை.

இந்த முறையின் எல்லையையும் சொல்ல வேண்டும். சத்தம் இல்லாமல் பார்த்தால் எந்த ஷாட்டும் இருப்பதைவிட நீளமாகத் தெரியும். ‘அலுப்பு’ என்று எழுதிய இடத்தையெல்லாம் வெட்டினால் படம் மூச்சு வாங்கும். நாதஸ்வரக்காரர் ஒருவரின் முகத்தில் நாற்பது விநாடி நிற்கும் ஷாட்டில் மூன்று பேரும் ‘அலுப்பு’ எழுதினோம். காதால் கேட்கும்போது அதுதான் படத்தின் சிறந்த நாற்பது விநாடி. அதைத் தொடவில்லை. நல்ல பேச்சாளர் ஒருவர் உட்கார்ந்து பேசுவது ஊமையாகப் பார்த்தால் உப்புச்சப்பில்லாமல்தான் இருக்கும், அதில் தப்பில்லை. இரண்டு தடவையிலும் தாளில் விழுந்த இடம்தான் உண்மையான ஓட்டை. ஒரு தடவை மட்டும் விழுந்தது விசாரணைக்கு உரியது.

இன்னொரு பிழை இரண்டு தடவையிலும் பிடிபடாது. படத்துக்கும் ஒலிக்கும் நடுவிலான நேரப் பிசகு. ஒன்று இல்லாதபோது பிசகுக்கே இடமில்லை. வண்டியூரில் இது தனிச் சிக்கல். ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 345 மீட்டர் போகிறது. குளத்தின் குறுக்களவு 300 மீட்டர். அக்கரையில் அடித்த தவில் இக்கரைக்கு வர 0.9 விநாடி ஆகிறது. கோல் இறங்கி, எழும்பி, அடுத்த அடிக்கும் இறங்கிய பிறகுதான் முதல் அடி காதில் விழும். நேரில் அது யாரையும் உறுத்துவதில்லை. தூரம் கண்ணுக்குத் தெரிகிறது. தூரத்துச் சத்தம் தாமதமாக வருவது வயலில் வேட்டு வெடிப்பதைப் பார்த்தவர்களுக்கு எல்லாம் பழகியது.

ஜூம் செய்ததும் அது உறுத்தும். நூறு மீட்டரில் வரும் தெப்பத்திலிருந்து தவில்காரரைத் திரை நிறையக் காட்டினார்கள். ஒலியோ கேமராவின் மைக்கில், கரையில், பதிவானது. 0.29 விநாடித் தாமதம். விநாடிக்கு 25 ஃபிரேம் ஓடும் படத்தில் ஏழு ஃபிரேம். ஒளிபரப்புக்கான சர்வதேசப் பரிந்துரை ஒன்று, ஒலி படத்தைவிட 45 மில்லிவிநாடி முந்தினாலோ 125 மில்லிவிநாடி பிந்தினாலோ பார்ப்பவர் கண்டுபிடித்துவிடுவார் என்கிறது. அதாவது முந்தினால் ஒரு ஃபிரேமுக்குச் சற்று மேல், பிந்தினால் மூன்று. பிந்துவதற்குக் கூடுதல் சலுகை கிடைப்பது, உலகத்தில் ஒலி எப்போதும் பிந்தியே வருவதால் இருக்கலாம். ஏழு ஃபிரேம் அந்தச் சலுகையையும் தாண்டியது. லென்ஸ் தூரத்தைக் கண்ணுக்குக் குறைத்துக் காட்டியது, காதுக்குக் குறைக்கவில்லை.

அந்த ஷாட்டின் ஒலியை மட்டும் ஏழு ஃபிரேம் முன்னால் இழுத்தோம். அகலமாகக் காட்டும் ஷாட்களில் தாமதத்தை அப்படியே விட்டோம். இழுக்கும்போது உதவிக்குக் கிடைத்த அடையாளம் கோல் தோலைத் தொடும் ஃபிரேம். அலைவடிவத்தில் செங்குத்தாக எழும் முனையை அதற்கு நேராக வைத்தால் போதும். இதைச் செய்வது மூன்றாவது தடவை பார்க்கும்போது, படமும் ஒலியும் சேர்ந்து, முழுச் சத்தத்தில்.

படம் இப்போது பதினொன்றரை நிமிடம். போனது முக்கால்வாசி பின்னணிக் குரல்தான். 1645 என்ற ஆண்டு இருக்கிறது, ஆயிரம் அடி இல்லை. அதற்குப் பதிலாக அக்கரைத் தவில் 0.9 விநாடி தாமதமாக வரும் ஒரு அகல ஷாட் இருக்கிறது. அடுத்த தைப்பூசத்துக்குத் தெப்பம் எடுக்கப் போகிறவர்கள் ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கருவியைத் தெப்பத்திலோ வடம் பிடிக்கிறவர் பக்கத்திலோ அனுமதி வாங்கி வைத்துவிடுங்கள். கேமராவை நிறுத்திய பிறகும் அதை நிறுத்தாதீர்கள்.